ஒன்பது கேள்விகளும் ஒரு வெற்று எண்ணும்

நாகர்கோவிலுக்குக் கிழக்கே, காற்றாலைகள் தொடங்கும் இடத்தில், சாலையை அகலப்படுத்தும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் தள அலுவலகத்தில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. அலுவலகம் என்றால் வாடகைக்கு எடுத்த வீடு. படுக்கையறையில் என் மேசை. பின் சன்னலைத் திறந்தால் பழைய சபை ஒன்றின் கல்லறைத் தோட்டம். புதிய சாலை அதன் வழியாகத்தான் போக வேண்டும். இருபத்திரண்டு கல்லறைகளை எடுத்து ஆலயத்தின் மறுபக்கத்துக்கு மாற்ற அனுமதி வந்திருந்தது. நில அளவைக்காரர்கள் ஒவ்வொரு சிலுவையிலும் சிவப்புப் பெயின்டால் எண் போட்டிருந்தார்கள். காற்று ஓயாது. சன்னல் இடுக்கில் அது நாள் முழுவதும் ஒரே சுருதியில் ஊதிக்கொண்டிருக்கும். சில நேரம் யாரோ எண்களை ஒவ்வொன்றாக வாசிப்பதுபோல இருக்கும்.

எங்கள் வீட்டில் கையெழுத்தைத் தாண்டி எழுதப் பழகிய முதல் ஆள் நான். அப்பா தென்னை ஏறுகிறவர். அம்மா செங்கல் சூளைக்குப் போனவர். அதனால் என் கையைத் தாண்டிப் போகும் ஒரு மெயிலில்கூடத் தப்பு இருக்கக் கூடாது என்று வைத்திருந்தேன். தப்பு இருந்ததும் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை வரை.

எங்களோடு வேலை செய்த லெய்சன் அதிகாரி வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்க்காரர்களிடம், சபைக்காரர்களிடம், தாலுகா ஆபீசில் பேசுவதெல்லாம் அவர்தான். பேச்சில் வல்லவர். ஆனால் அவர் எழுதும் மெயில் ஒரே பத்தியாகப் போகும். கேள்வி, கதை, வருத்தம் எல்லாம் அதற்குள் கலந்து கிடக்கும். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்யப் போகும் முன் கல்லறை வேலை பற்றிச் சென்னையில் இருக்கும் திட்ட மேனேஜருக்கு அப்படி ஒரு மெயில் அனுப்பிவிட்டு, போனையும் அணைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு வாரம் பதில் இல்லை. வியாழக்கிழமை காலை மேனேஜர் அதை எனக்குத் திருப்பி அனுப்பினார். மேலே ஒரே வரி: "இதில் நான் முடிவு செய்ய வேண்டியது எது?"

திங்கள் காலை மண் தோண்டும் மெஷின் இறங்க வேண்டும்.

நான் மெயிலைத் தாளில் எடுத்து, கேள்விக்குறி உள்ள வாக்கியங்கள் மேல் மட்டும் மஞ்சள் மார்க்கரை ஓட்டினேன். பதினேழு வந்தன. நான்கு கேள்விகளுக்குப் பதில் எங்கள் கோப்பிலேயே இருந்தது. நான்கு, முன்னால் கேட்டதையே வேறு வார்த்தையில் கேட்டவை. மிச்சம் ஒன்பது. வேலையை நிறுத்தக்கூடியவற்றை மேலே வைத்தேன். ஒவ்வொன்றையும் ஆம், இல்லை என்றோ A, B என்றோ பதில் சொல்லும்படி வெட்டினேன். கீழே எங்கள் பரிந்துரை ஒரு வரி. கதையெல்லாம் கடைசியில் ஒரு கோட்டுக்குக் கீழே போய்விட்டது. தலைப்பில் "கல்லறை மாற்றம்: 9 முடிவுகள், வெள்ளி மாலை 4 மணிக்குள்" என்று போட்டேன். முதல் வரி இது: பதில் வராவிட்டால் பரிந்துரையின்படி திங்கள் ஒன்பது மணிக்கு வேலை தொடங்கும்.

அந்த வரியில் எனக்குத் தனிப் பெருமை. யாரும் பேசாமலே வேலை நடந்துவிடும்.

ஒன்பதாவது கேள்வியை முடித்து என்டர் தட்டியதும், திரையில் தானாக 10 என்று வந்து நின்றது. அழித்தேன். கோடு போடுவதற்காக மறுபடி என்டர் தட்டினேன், மறுபடி வந்தது. அதையும் அழித்தேன். அழித்தேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது சன்னலுக்கு வெளியே அந்த அம்மாள் நின்றார். கல்லறைத் தோட்டத்துக்குள் அல்ல. தூரத்துச் சுவரையும் தாண்டி, எருக்கஞ்செடிகளுக்கு நடுவில். உச்சி வெயில். கையில் கறுப்புக் குடை, மடக்கியபடியே. அந்தக் காற்றில் குடை விரிக்க முடியாதுதான். ஆனாலும் சேலை படபடக்க, அவர் மட்டும் நட்டு வைத்ததுபோல் அசையாமல் நின்றார். தரையைப் பார்த்தபடி இருந்தார். அந்த வாரம் முழுவதும் அதே நேரத்தில் அவரைப் பார்த்திருந்தேன். போவதை ஒரு நாளும் பார்க்கவில்லை. நான் குனிந்து நிமிர்ந்தால் இடம் காலியாக இருக்கும்.

வாட்ச்மேனிடம் கேட்டேன். அவர் நாற்காலி ரோட்டைப் பார்த்துக் கிடக்கும். அந்தப் பக்கம் முள்ளுக்காடு, யாருக்கு அங்கே என்ன சோலி என்றார். வந்து பாருங்கள் என்று சன்னலுக்குக் கூட்டிவந்தேன். யாரும் இல்லை.

"படிச்ச பிள்ளையக் கொண்டு கல்லறைப் பக்கத்துல இருத்தினா இப்பிடித்தான்," என்றார். "சன்னலை அடச்சிட்டு வேலையப் பாரு மக்கா. அவங்களுக்கு உன்கூட ஒரு மெயிலும் இல்ல."

வெள்ளிக்கிழமை மதியம் பதில் வந்தது. எதிர்பார்த்த மாதிரியே, வரிக்கு ஒரு சொல். ஒன்று, ஆம். இரண்டு, இல்லை. மூன்று, B. மளமளவென்று ஒன்பது வரைக்கும். எனக்குள் பெருமை ஏறிக்கொண்டே வந்தது. ஒரு வாரமாகப் பேசாதவரை ஒரே நாளில் பேச வைத்துவிட்டேன். பிறகு கடைசி வரியைப் படித்தேன்.

"10. இது என்ன? தலைப்பில் ஒன்பது என்கிறீர்கள், உள்ளே பத்து இருக்கிறது. இது தெரியும்வரை மெஷின் இறங்கக் கூடாது."

என் மெயிலைத் திறந்தேன். ஒன்பதாவதன் கீழ், இடைவெளி விட்டு, 10. அதற்கு எதிரே ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை.

"தட்டச்சுப் பிழை. பத்தாவது கேள்வி கிடையாது" என்று எழுதினால் முடிந்தது. எழுதியும்விட்டேன். அனுப்பும் பொத்தான்மேல் விரல் போன நேரம் சன்னல் பக்கம் கண் போனது. அந்த அம்மாள் நின்றார். அன்று அவர் தரையைப் பார்க்கவில்லை. எங்கள் சன்னலைப் பார்த்தார்.

பத்தாவது கேள்வி இல்லை என்று எழுதும் முன் உண்மையில் இல்லையா என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பயத்துக்கு அப்படி ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். லெய்சன் அதிகாரியின் மெயிலை எடுத்து, இந்தத் தடவை மஞ்சள் படாத வாக்கியங்களை மட்டும் படித்தேன். இரண்டாம் பக்கத்தின் அடியில், மழைக்காலம் பற்றியும் சபை மூப்பர் பற்றியும் சொன்ன வரிகளுக்கு நடுவே அது கிடந்தது: "சுவருக்கு வெளியே ஒரு அம்மா தினமும் வந்து நிற்கிறார்கள், அவர்களுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை."

கேள்விக்குறி இல்லை. முற்றுப்புள்ளி. அதனால் நான் அதைக் கதை என்று கோட்டுக்குக் கீழே தள்ளியிருந்தேன்.

முள்ளை விலக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவர் அங்கேயே இருந்தார். கிட்டத்தில் பார்க்க அறுபது வயதிருக்கும். பின்பக்கத்து வாய்க்கால் பாலம் வழியாக வருகிறாராம். அதனால்தான் வாட்ச்மேன் கண்ணில் பட்டதில்லை. எருக்கஞ்செடிக்கு அடியில் மூன்று கற்கள் அடுக்கியிருந்தன. எந்தக் கல்லிலும் எண் இல்லை.

"கொச்சுப் பிள்ள," என்றார் மெதுவாக. "பெறந்து ஒரு ராத்திரிதான். ஞானஸ்நானம் குடுக்கதுக்குள்ள போயிட்டு. சொவத்துக்கு உள்ள வைக்கப்பிடாதுன்னு அன்னைக்குப் பெரியவங்க சொல்லிட்டாங்க. பிள்ளைக்க அப்பாதான் இங்கன கொண்டாந்து வச்சாவ."

எண் போட வந்தவர்களிடம் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"சொன்னேன். சொவத்துக்கு உள்ள உள்ளதுதான் பட்டியல்னு சொன்னாங்க. பொறவு உங்க ஆபீசு அண்ணாச்சிகிட்ட சொன்னேன். எழுதுகேன்னு சொன்னாரு." என்னை நிமிர்ந்து பார்த்தார். "எழுதினாரா மக்கா?"

எழுதினார் என்றேன். அது உண்மை. அதைக் கோட்டுக்குக் கீழே தள்ளியது நான் என்பதைச் சொல்லவில்லை. திங்கட்கிழமை மெஷின் உள்ளே இறங்கத் திட்டத்தில் காட்டியிருந்த வழி நாங்கள் நின்ற அந்த இடம்தான். முதல் தோண்டல் அங்கே. பதில் வராவிட்டால் ஒன்பது மணிக்குத் தானாகவே தொடங்கியிருக்கும்.

திரும்பி வந்து எழுதினேன்.

"10. சுவருக்கு வெளியே கிழக்கில், பட்டியலில் இல்லாத ஒரு குழந்தையின் கல்லறை. தாய் இருக்கிறார், பேசினேன். நம் அனுமதி இருபத்திரண்டுக்கு மட்டும். A: அந்த இடத்தைக் கயிறு கட்டி ஒதுக்கி, துணை விண்ணப்பம் கொடுத்து, அனுமதி வந்தபின் மாற்றுவது, மெஷின் வடக்கு வழியாக இறங்கும். B: அனுமதி வரும்வரை முழு வேலையையும் நிறுத்துவது. பரிந்துரை: A. உங்கள் பதில் இல்லாமல் இதில் எதுவும் நடக்காது. இது முதல் மெயிலில் விடுபட்டது என் பிழை."

கண்டுகொள்ளாமல் தோண்டுவது என்ற வழியை நான் C என்று போடவில்லை. மனிதர் அவசரத்தில் இருக்கும்போது எந்த எழுத்தையும் தட்டிவிடுவார்.

நான்கு நிமிடத்தில் வந்தது: "10. A. கயிறு இன்றே."

மாலையே கட்டினோம். வாட்ச்மேன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

விண்ணப்பத்தில் இறந்தவர் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. காலியாக விட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த அம்மாள் குடையைச் சுவரில் சாய்த்துவைத்தார். பிறகு ஒரு பெயர் சொன்னார். வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லையாம். எழுதினேன். இங்கே எழுத மாட்டேன்.

அனுமதி வர ஆறு வாரம் ஆனது. தோண்டும் அன்று வருவாய் ஆட்கள், சபை ஊழியர், இரண்டு கூலிக்காரர்கள், அந்த அம்மாள், நான். மெஷினை விலக்கிவிட்டுக் கையால்தான் தோண்டினார்கள். கற்களுக்கு நேர் கீழே ஒன்றும் இல்லை. ஒரு முழம் தள்ளித் தோண்டினார்கள், அங்கேயும் இல்லை. அத்தனை சின்ன எலும்பு இந்த மண்ணில் இத்தனை வருஷம் நிற்காது என்று ஊழியர் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். அப்போது அந்த அம்மாள் குடை நுனியை இன்னொரு இடத்தில் ஊன்றி, "இங்கன," என்றார். அங்கே தோண்டியபோது மண் வேறு நிறத்தில், கறுப்பாக வந்தது. வேறொன்றும் வரவில்லை. அந்த மண்ணையே அள்ளி ஒரு சிறிய மரப்பெட்டியில் போட்டு, ஆலமர நிழலில் வைத்தார்கள். ஊழியர் ஜெபம் சொல்லி முடிக்க அரை மணி ஆனது.

பெட்டியைத் தூக்கிய கூலிக்காரர் பாதி வழியில் நின்று கை மாற்றக் கேட்டார். ஒரு சாண் பெட்டிக்கு என்ன கனம் என்று மற்றவர் சிரித்தார். அந்த அம்மாள் போய் ஒரு பக்கம் பிடித்தார். மறுபக்கம் பிடிக்கச் சொல்லி என்னைப் பார்த்தார்.

பிடித்தேன். மண் கனமானதுதான், அது எனக்குத் தெரியும். ஆனால் பெட்டியின் அடிப்பலகை என் உள்ளங்கையில் இளஞ்சூடாக இருந்தது. வெயிலில் வைத்திருந்தார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன். அந்த அம்மாள் என்னை ஒருமுறை பார்த்தார். அவருக்கும் அது தெரிகிறது என்று புரிந்தது. புதுக் குழி வரும்வரை நாங்கள் இருவரும் கை மாற்றவில்லை.