தேவைப்பட்டால் என்றொரு முத்திரை

எழுபதுகளின் நடுவில், சூரியநெல்லிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் வேலை எனக்கு. சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர்ப் பக்கம். மருந்தாளுநர் படிப்பு படித்த பெண்ணைத் தனியாக மலைக்கு அனுப்புவதா என்று வீட்டில் பெரிய சண்டை நடந்தது. சண்டையில் நான்தான் ஜெயித்தேன். ஜெயித்திருக்க வேண்டாமோ என்று முதல் வாரக் குளிரில் தோன்றியது. எஸ்டேட் ஆட்கள் என்னைக் கம்பவுண்டரம்மா என்று கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு என் அப்பா வயது.

டாக்டர் வாரத்தில் ஒரு நாள் ஜீப்பில் வருவார். மலையாளி. கெட்டிக்காரர் என்று அவரே சொல்லியிருக்கிறார். நோயாளியின் முகத்தைப் பார்த்த நேரத்தைவிடச் சீட்டைப் பார்த்த நேரம் அதிகம். மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் ஓ.டி., எஸ்.ஓ.எஸ்., எச்.எஸ். என்று ஏதாவது ஒன்றைக் கிறுக்குவார். பாதி லத்தீனாம். ரோமாபுரியில் செத்துப்போன பாஷை எங்கள் மலையில் மட்டும் தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

இந்த மூன்றையும் தமிழில் சொல்வதற்காக நிர்வாகம் மூன்று ரப்பர் முத்திரைகள் செய்து அனுப்பியிருந்தது. ஓ.டி. என்றால் ‘தினம் ஒருமுறை’. எஸ்.ஓ.எஸ். என்றால் ‘தேவைப்பட்டால்’. எச்.எஸ். என்றால் ‘தூங்கும் முன்’. ஊதா மையில் தோய்த்து மருந்து உறையின் மேல் குத்த வேண்டும். அத்தோடு நோயாளிக்கு எல்லாம் விளங்கிவிடும் என்பது அவர்கள் நினைப்பு. வாங்கிப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் படிக்கத் தெரியாது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. முத்திரைகளுக்கு நேர் மேலே, சுவரில், மானேஜர் கையெழுத்துப் போட்ட பலகை ஒன்று தொங்கியது: ‘டாக்டரைக் கேட்காமல் எந்த மருந்தும் உட்கொள்ளக் கூடாது.’ ‘தேவைப்பட்டால்’ முத்திரையும் இந்தப் பலகையும் ஒரே அறையில் பல வருஷம் சண்டையில்லாமல் இருந்தன.

ஃபாக்டரி வாசலில் ராக்காவல் பார்க்கும் வாச்சர் ஒருவர் இருந்தார். ஐம்பது தாண்டியவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம். மேடு ஏறினால் நெஞ்சை அழுத்துகிறது என்று மனைவியோடு வந்தார். டாக்டர் குழலை வைத்துக் கேட்டார், ரத்த அழுத்தம் பார்த்தார், இதயத்துக்குப் போகும் ரத்தம் போதவில்லை என்றார். மூன்று மாத்திரை எழுதினார். மூன்றுக்கும் மூன்று விதக் கிறுக்கல்.

ஓ.டி. போட்டது ரத்த அழுத்தத்துக்கு, சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் மாத்திரை. எல்லோருக்கும் காலையில் போடச் சொல்வதுதான் வழக்கம். இவருக்குக் காலை என்பது படுக்கிற நேரம். அப்போது போட்டால் தூங்கின மாதிரிதான். மத்தியானம் எழுந்ததும் போடுங்கள், எந்த நேரமோ அதே நேரம் தினமும் என்றேன். புரிந்தது.

எச்.எஸ். போட்டது தூக்கத்துக்கான மாத்திரை. முத்திரை சொன்ன ‘தூங்கும் முன்’ நல்ல தமிழ்தான். ஆனால் தூங்குவது எப்போது என்று தெரிய வேண்டாமா? ராத்திரி என்று நினைத்துப் போட்டுவிட்டுக் காவலுக்குப் போனால் போச்சு.

“நீங்க எப்பங்க தூங்குவீங்க?” என்று கேட்டேன்.

அவர் ஜன்னலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். “நான் தூங்குறதே இல்லம்மா.”

“மனுசன் தூங்காம இருப்பானுங்களா?”

“வாச்சர் தூங்குவானா? என்னம்மா கேக்கிய!”

அவருக்கு முன்னால் இருந்த வாச்சரைக் கண் அசந்தார் என்று சீட்டைக் கிழித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதிலிருந்து தூக்கம் என்ற சொல்லே இவருக்குக் குற்றப்பத்திரிகை. பின்னால் நின்ற மனைவிதான் போட்டு உடைத்தார். “காலைல வந்து படுத்தாருன்னா மத்தியானச் சங்கு ஊதுற வரைக்கும் கொறட்டைதாம்மா.”

“ஏ, சும்மா கெட!” என்றார் வாச்சர். அவர் என்ன சொன்னாலும் சரி, காலையில் படுப்பதற்கு முன் என்று உறுதிசெய்து கொடுத்தேன்.

எஸ்.ஓ.எஸ். மாத்திரையை மட்டும் டாக்டர் தானே விளக்குவதாகச் சொன்னார். நெஞ்சு வலிக்கும்போது நாக்குக்கடியில் வைக்கிற மாத்திரை அது. “ஆவஸ்யம் வந்நால் மாத்ரம். வெறுதே கழிக்கருது, கேட்டோ?” தேவை வந்தால் மட்டும், சும்மா போடக் கூடாது. வாச்சர் பலமாகத் தலையாட்டினார். டாக்டருக்குத் திருப்தி. நான் மாத்திரைகளை மழைக்கால ஈரம் படாமல் சிறிய கண்ணாடிக் குப்பியில் போட்டு, உறையில் ‘தேவைப்பட்டால்’ குத்திக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், டிஸ்பென்சரி வாசலில் யாரோ மூச்சிரைப்பது கேட்டு வெளியே வந்தேன். வாச்சர். தொழிலாளர் குடியிருக்கும் லயம் கீழே பள்ளத்தில் இருந்தது. அங்கிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதை. அந்தக் குளிரிலும் அவர் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. ஒரு கை நெஞ்சில், மறு கையில் குப்பி. மூடி திறக்கவே இல்லை.

“அம்மா, இப்ப போட்டுக்கிடலாமா?” என்றார்.

அவரைப் பிடித்து உட்காரவைத்து, குப்பியைப் பிடுங்கி ஒன்றை நாக்குக்கடியில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. அதற்குப் பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது.

“ஏனுங்க, வலிச்சுதுன்னா போடறதுக்குத்தானுங்க கொடுத்தது! அதைக் கேக்கறதுக்கு இந்த மேட்டுல ஏறி வருவீங்களா? வழியிலயே போயிருப்பீங்களே!”

அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் விஷயம் தெரியாது என்பதுபோலப் பொறுமையாகச் சொன்னார். “வலிச்சுதும்மா. ஆனா அது தேவையா இல்லையான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? அத நீங்கள்லா சொல்லணும்?”

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. அந்த எஸ்டேட்டில் எழுவதற்குச் சங்கு, சாப்பிடுவதற்குச் சங்கு. காய்ச்சல் இருக்கிறதா என்பதை நாங்கள் சொல்ல வேண்டும். அதை நம்பலாமா என்பதை ஆபீஸ் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஒரு கம்பளி கொடுப்பார்கள். உனக்குக் குளிர்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. ஆபீஸுக்கு எப்போது குளிர்கிறதோ அப்போது வரும். பிறந்ததிலிருந்து தனக்கு என்ன தேவை என்பதை அடுத்தவன் வாயால் கேட்டே பழகிய மனிதனிடம், திடீரென்று ஒரு குப்பியைக் கொடுத்து, தேவையை நீயே முடிவுசெய் என்கிறோம். அதுவும் உயிர் போகிற நேரத்தில்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “ஞான் எழுதியதில் எந்தா தெற்று?” அவர் எழுதியதில் ஒரு தப்பும் இல்லைதான். செத்திருந்தால்கூடச் சீட்டு சரியாகத்தான் இருந்திருக்கும்.

அன்றைக்கு ‘தேவைப்பட்டால்’ முத்திரையைத் தூக்கி மேசை டிராயரின் அடியில் போட்டேன். வாச்சரையும் மனைவியையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். தேவை என்ற சொல்லையே எடுக்கவில்லை.

“நெஞ்சைப் புடிச்சா எங்க நிக்கறீங்களோ அங்கயே உக்காருங்க. நின்னுட்டே போட்டா தலை சுத்தி உழுந்துருவீங்க. நாக்குக்கடியில ஒண்ணு. முழுங்கக் கூடாது, தண்ணி குடிக்கக் கூடாது, தானா கரையட்டும். அஞ்சு நிமிசம் பாருங்க. வலி உடலீன்னா இன்னொண்ணு. மூணு போட்டும் உடலீன்னா எனக்கு ஆளனுப்புங்க. நீங்க நடந்து வராதீங்க.”

“ஆரைக் கேட்டுப் போடணும்?”

“ஆரையுங் கேக்க வேண்டாமுங்க.”

“தொரை பக்கத்துல நின்னா?”

அப்போது வெள்ளைக்காரன் எல்லாம் போயாகிவிட்டது. மானேஜர் நம்மவர்தான். ஆனாலும் நாற்காலி போகவில்லை, அதனால் துரையும் போகவில்லை. “தொரை நின்னாலும் உக்காருங்க” என்றேன்.

“வாச்சர் உக்காந்தா தூங்குறான்னு எழுதிப்புடுவாகம்மா. வேல போயிரும்.”

“உசுரு போறதுக்கு வேலை போனாப் பரவால்லீங்க” என்றேன். என் வேலை போகாது என்ற தைரியத்தில் சொன்னதுதான். அவர் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போனால் லயத்து வீடும் போகும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். திரும்பச் சொல்லுங்கள் என்றேன். நாக்கு, அஞ்சு நிமிசம், தண்ணி கூடாது எல்லாம் பிசகாமல் சொன்னார். யாரையும் கேட்காமல் உட்காருவேன் என்பதை மட்டும் கடைசிவரை அவர் வாயில் வரவழைக்க முடியவில்லை.

மழை விட்ட ஒரு காலையில் பெரட்டு நடந்துகொண்டிருந்தது. ஆபீஸ் முன்னால் ஆட்களை எண்ணி வேலை பிரித்து அனுப்புவதற்குப் பெயர் பெரட்டு. யார் யாருக்கு உண்மையாகவே உடம்பு சரியில்லை என்று சொல்வதற்காக நானும் அங்கே போய் நிற்க வேண்டும். துரை ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றார். காவல் முடிந்த வாச்சர் ஃபாக்டரிச் சாவியைத் துரையிடம் ஒப்படைப்பதற்காக மேலே ஏறி வந்தார். வந்தவர் பாதியில் நின்றார். கை நெஞ்சுக்குப் போனது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு துரையைப் பார்த்தார்.

எனக்கு ஓடிப்போய்ப் பிடிக்கத் தோன்றியது. அதற்குள் அவர் ஆபீஸ் வராந்தாவில் ஏறி, கிளார்க்குகள் மட்டும் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். குப்பியைத் திறந்து ஒன்றை நாக்குக்கடியில் வைத்தார்.

ஆள் எண்ணுவது பாதியில் நின்றது. துரைக்கு முகம் சிவந்தது. “டேய்! யாரைக் கேட்டு உக்காந்தே?”

வாச்சர் வலது கையை உயர்த்தி, கொஞ்சம் பொறு என்று காட்டினார். துரையிடம்! வரிசையில் ஒரு பெண் “ஐயோ” என்றாள்.

துரை என் பக்கம் திரும்பினார். “என்ன இது?”

“மாத்திரை நாக்குல இருக்குதுங்க. கரைஞ்சதும் பேசுவாருங்க” என்றேன்.

ஒரு மாத்திரை கரையும்வரை எஸ்டேட் மொத்தமும் காத்திருந்தது. சங்குக்குக் காத்திருந்திருக்கிறோம், மழைக்குக் காத்திருந்திருக்கிறோம், துரையின் ஜீப்புக்குக் காத்திருந்திருக்கிறோம். ஒரு வாச்சரின் நாக்குக்குத் துரை காத்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்றைக்கும் அந்தச் சந்தோஷத்துக்காக வெட்கப்படவில்லை.

வாச்சர் முகத்தைத் துடைத்தார். உட்கார்ந்தபடியே சொன்னார்.

“யாரையும் கேக்கல, தொரை. எனக்குத் தேவப்பட்டுச்சு, போட்டேன்.”

பிறகு மெதுவாக எழுந்து, சாவியைப் பெஞ்சின் மேல் வைத்தார். எங்கேடா போகிறாய் என்று துரை கேட்டதற்குத் திரும்பிப் பார்த்து, அத்தனை பேர் காதிலும் விழும்படி பதில் சொன்னார்.

“தூங்கப் போறேன், தொரை.”