யார் நம்பரும் தரமாட்டேன்

பழைய தங்கச் சுரங்கக் குடியிருப்பான மைசூர் மைன்ஸில், எங்கள் வீட்டில் முறுக்கும் பருப்புப்பொடியும் செய்து ஐந்து வருஷம் வாட்ஸ்அப்பில் விற்றேன். பெங்களூரு கம்பெனியொன்றில் கஸ்டமர் சப்போர்ட் வேலைக்கு ரெஸ்யூமே தயார் செய்தபோது, தங்கை எனக்கு 'நிறுவனர், சிஇஓ' என்று பட்டம் கொடுத்தாள்.

"இன்னாடி இது, யார் நம்புவாங்க?" என்று அழித்தேன். 'சொந்தத் தொழில், வீட்டு உணவு' என்று போட்டேன். ஆர்டர் எடுத்தது, காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களிடம் பார்சல் கொடுத்தனுப்பியது, புகாருக்குப் பதில் சொன்னது, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், வியாபார வாட்ஸ்அப் நம்பர் எல்லாம் எழுதினேன்.

சில நாளில் அந்த நம்பருக்குத் தெரியாத ஆளிடமிருந்து மெசேஜ். முறுக்கு வேண்டுமாம், அதற்கு முன் விசாரிக்க, ஏற்கெனவே வாங்கினவர்கள் இரண்டு பேரின் நம்பர் வேண்டுமாம். என் கஸ்டமர்களை இழுக்கப் பார்க்கும் போட்டிக்காரியா, ஓடிபி திருடும் கும்பலா?

"அவங்களைக் கேக்காம யார் நம்பரும் தரமாட்டேன்" என்று அனுப்பினேன். பதிலே இல்லை. திருட்டுக் கும்பல்தான் என்று முடிவு கட்டினேன்.

அடுத்த வாரம் அந்தக் கம்பெனியில் இன்டர்வியூ எடுத்த பெண்மணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்ல வித்தேன்னு யார் வேணா எழுதலாம். அதான் மெசேஜ் பண்ணிப் பார்த்தேன்" என்று தன் போனைக் காட்டினார். என் பதில் அதில் இருந்தது.

"இப்பவாவது ரெஃபரன்ஸுக்கு ரெண்டு நம்பர் கொடுங்க."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "அவங்களைக் கேட்டுட்டுத்தான் தருவேன், மேடம். கேக்கறது யாருன்னு கேப்பாங்க. இன்னா பேர் சொல்லட்டும்?"

அவர் பேனாவை எடுத்து, தன் முன்னால் இருந்த இன்டர்வியூ படிவத்தில் அதுவரை காலியாக விட்டிருந்த 'அனுபவம்' கட்டத்தில் 'ஐந்து வருஷம்' என்று எழுதினார்.