மிக்சிக்கு மூடி சொன்ன வாழ்த்து

மருத்துவமனையின் பின்கட்டில் இருந்த சலவைக்கூடத்தில் அவளுக்கு மூடி என்று பெயர். வைத்தவர் மேஸ்திரி. வாயைத் திறக்கவே மாட்டாள் என்பதால் மூடி. அவளோடு சேர்ந்து வேலை செய்தவளோ, விழித்தது முதல் தூங்கும்வரை பேச்சை நிறுத்தாதவள். அவள் மிக்சி. "மிக்சியும் மூடியும் ஒண்ணா இருந்தாதான் சட்னி சிந்தாது" என்று சொல்லிப் பதினான்கு வருடமாக இருவரையும் ஒரே மேஜையில் நிறுத்தியிருந்தார்.

அவர்கள் வேலை படுக்கை விரிப்பு மடிப்பது. துவைத்து, உலர்த்தி, சூட்டோடு வரும் விரிப்பை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து உதறி, இழுத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து மடிக்க வேண்டும். ஒரு முறைக்கு, அதாவது ஒரு ஷிப்டுக்கு, முந்நூறு விரிப்பு. இயந்திரங்கள் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அதனால் விரிப்பின் நீளத்துக்கு அப்பால் நின்று உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்ளப் பழகியிருந்தார்கள். குரல் தேவையில்லாத அந்தப் பேச்சில் மட்டும் மூடி வாயாடி. அது மிக்சியைத் தவிர யாருக்கும் தெரியாது.

மிக்சிக்கு நாற்பத்தொரு வயதில் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை கொதிகலன் பார்க்கிற மெக்கானிக். முன்பே மனைவியை இழந்தவர். அவர் பக்கம் அக்கா, அத்தை, சித்தப்பா என்று வீடு கொள்ளாத கூட்டம். மிக்சிக்கு என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மெக்கானிக்கின் அக்கா சலவைக்கூடத்துக்கே வந்தார். தையல்கடை வைத்திருப்பவர். கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்றக்கூட நேரமில்லாமல் வந்திருந்தார்.

"எங்க வீட்டுல ஒரு வழக்கம் உண்டு தங்கச்சி. சாப்பாட்டுக்கு முன்னாடி ஆளாளுக்கு டம்ளரத் தூக்கி வாழ்த்தணும். ரெண்டு பக்கமும் ஒவ்வொருத்தர் எந்திரிச்சுப் பேசணும். சும்மா பேசக் கூடாது. ஒரே எழுத்துல பேசணும்."

"ஒரே எழுத்துன்னா?" என்று கேட்டது மிக்சி. மூடி தலையை மட்டும் ஆட்டினாள்.

அக்கா விரல் விட்டு விளக்கினார். ஓர் எழுத்தை எடுத்துக்கொண்டால் அதில் தொடங்குகிற வார்த்தைகள் இருபதாவது வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அவர் ஸ்பூனால் மேஜையில் தட்டுவார். சொன்ன வார்த்தையே திரும்ப வந்தால் தட்டு கிடையாது. 'ஒரு', 'அந்த', 'வந்து' மாதிரி சில்லறை வார்த்தைகள் நடுவில் எத்தனை வந்தாலும் குற்றமில்லை. கண்ணுக்கு ஒரே எழுத்தாக இருந்தால் போதாது, காதுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். "'பாட்டு'ம் 'பஸ்'ஸும் எழுதினா ஒண்ணு, சொன்னா வேறடி அம்மா. எங்க சித்தப்பா அதுலதான் மாட்டினாரு. இருபது வராட்டி மொத்த டம்ளரையும் அவங்கதான் கழுவணும். அப்புறம் ஒண்ணு. பொய் சொல்லக் கூடாது. பொய்யுன்னு பட்டா நான் தட்ட மாட்டேன்."

அவர் போனதும் மிக்சி சொன்னாள்: "எம்பக்கம் நீதாண்டி. நீ எந்திரிக்கலைன்னா எம்பக்கம் நாற்காலி மட்டும்தான் இருக்கும்."

வேறு யாராவது கேட்டிருந்தால் மூடி காய்ச்சல் என்று படுத்திருப்பாள். இவளிடம் அது நடக்காது.

ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவள். சலவை மூட்டையில் கட்டுகிற அட்டைச் சீட்டுகளின் பின்புறம் வார்த்தைகளை எழுதத் தொடங்கினாள். எந்த எழுத்து என்பதில் குழப்பமே இல்லை. மிக்சி, மெக்கானிக், மூடி, மேஸ்திரி. எல்லோரும் 'ம'வில் வந்து நின்றார்கள். இரண்டு நாளில் நாற்பது சீட்டு சேர்ந்துவிட்டது. மலர், மதி, மயில், மங்கை, மரகதம், மாணிக்கம்.

அவற்றைக் கோத்து வீட்டில் கணவரிடம் வாசித்துக் காட்டினாள். பஸ் டிப்போவில் வண்டி கழுவுகிறவர் அவர். கேட்டுவிட்டுக் கன்னத்தைச் சொறிந்தார்.

"யாரும்மா இது?"

"மிக்சிதான்."

"மிக்சியா? நான் ஏதோ காலண்டர் படம்னு நெனச்சேன். நேத்துகூட வாசல்ல நின்னு என்னைய அந்தத் திட்டு திட்டினா, மயிலாம் மரகதமாம்."

அவளுக்கு ரோஷமாக இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. அந்த வாழ்த்தை எந்தப் பெண்ணுக்கும் சொல்லலாம். மறுநாள் விரிப்பை உதறும்போது யோசித்தாள். மிக்சி என்ன என்று எழுதினால் காலண்டர் படம்தான் வரும். மிக்சி என்ன செய்தாள் என்று எழுத வேண்டும். அப்படி நினைத்ததும் வேறு வார்த்தைகள் வந்தன. மடித்தாள், மறுத்தாள், மாற்றினாள், மறைத்தாள். வாக்கியத்தின் கடைசியில் வருகிற வினையும் 'ம'வில் விழுந்தால் கதவு சாத்தினாற்போல் அழுத்தமாக முடிந்தது.

இன்னொன்றையும் கண்டுகொண்டாள். 'ம'வுக்கு உதடு ஒட்ட வேண்டும். நாலு வார்த்தை ஒட்டினாற்போல் வந்தால் வாயில் பிசின் தடவியது போலாகி நாக்கு இடறியது. இரண்டு வந்ததும் நடுவில் ஒரு சாதாரண வார்த்தையைப் போட்டால் மூச்சு வந்தது, கேட்பவர் காதும் அடுத்தது எப்போது வரும் என்று காத்திருந்தது. மனப்பாடம் செய்வதும் எளிதாயிற்று. வரி மறந்தாலும் முதல் எழுத்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனது.

பொய்யும் ஓரிடத்தில் நுழையப் பார்த்தது. மழைத் தண்ணீர் கூடத்துக்குள் வந்த நாளைப் பற்றி, மிக்சி முணுமுணுக்காமல் மூட்டை சுமந்தாள் என்று எழுதியிருந்தாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு மிக்சி திட்டாத ஆள் இல்லை. அந்த வரியை அடித்துவிட்டு, நடந்ததை அப்படியே எழுதினாள். வார்த்தை அப்போதும் 'ம'வில்தான் நின்றது. எழுத்துக்காக ஆளை வளைக்கத் தேவையில்லை, பொறுமையாகத் தேடினால் ஆளுக்கு ஏற்ற வார்த்தை கிடைக்கும் என்று அப்போதுதான் அவளுக்கு நம்பிக்கை வந்தது.

கல்யாணத்தன்று விருந்துக் கூடம் நிரம்பி வழிந்தது. மெக்கானிக்கின் அத்தை மகன் முதலில் எழுந்து 'க'வில் வெளுத்துக் கட்டினான். இருபத்தாறு தட்டு. கைதட்டல் அடங்கியதும் அக்கா மைக்கை மூடியின் கையில் கொடுத்தார்.

எழுந்தாள். இருநூறு முகம் திரும்பியது. எதிர் மேஜையில் மேஸ்திரி, துவைத்த சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தாள். மைக்கில் மூச்சு மட்டும் இரைந்தது.

"மைக் வேலை செய்யலையோ?" என்றது ஒரு குரல்.

"மைக் நல்லாத்தான் இருக்கு" என்றது இன்னொன்று. யாரோ சிரித்தார்கள்.

மூடி மிக்சியைப் பார்த்தாள். பத்தடி தூரத்தில், மாலையும் கழுத்துமாக, மிக்சி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழக்கதோஷம். மூடியின் உதடுகள் தாமாகவே அசையத் தொடங்கின. ஒவ்வொரு வார்த்தையின் தொடக்கத்திலும் உதடு ஒட்டிப் பிரிந்ததால், எது எங்கே தொடங்குகிறது என்பது மிக்சிக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"முதல் நாள் மிரண்டு மூலையில நின்னேன்" என்று மிக்சி உரக்கச் சொன்னாள். "மிக்சிதான் முன்னால வந்து, முனையப் பிடின்னா."

கூடம் திகைத்தது. சித்தப்பா எழுந்தார். "இதென்ன, பொண்ணே தன்னைப் பத்திப் பேசுது? செல்லாது!"

"உக்காருங்க சித்தப்பா. வாய் யாருதா இருந்தா என்ன, வார்த்தை அவங்களுது" என்றார் அக்கா. ஆறு தட்டு விழுந்தது.

"மேஸ்திரி மிரட்டுவாரு. மிக்சி மறுத்துப் பேசுவா. மெமோ வந்தா மடிச்சு மூக்குக்கண்ணாடிக் கூட்டுல வச்சுக்குவா. அடிப்பாவி, இதயெல்லாமா எழுதி வச்சிருக்க!"

மேஸ்திரியே சிரித்துவிட்டார். கடைசி வாக்கியத்துக்குத் தட்டு இல்லை. மொத்தம் பன்னிரண்டு.

"மழைத் தண்ணி முழங்காலுக்கு வந்தப்ப மூட்டையெல்லாம் மாடிக்கு மாத்தினா. படி முழுக்க முணுமுணுத்தா. ஆனா ஒண்ணக்கூட மறக்கல."

"இருபது!" என்று ஸ்பூனைத் தூக்கிக் காட்டினார் அக்கா. கைதட்டல் எழுந்தது. டம்ளர் கழுவுவதிலிருந்து தப்பியாயிற்று. மூடி அப்போதே உட்கார்ந்திருக்கலாம்.

ஆனால் உதடு அடுத்த வரிக்கு அசைந்தது. மிக்சியின் முகம் மாறியது.

"அத நான் சொல்ல மாட்டேன்."

மூடி மறுபடி உதட்டை அசைத்தாள்.

"மாட்டேன்னா மாட்டேன். வேணாண்டி. அவரு இங்கதான் உக்காந்திருக்காரு." கண்ணால் மேஸ்திரியைக் காட்டினாள். "இருபது வந்தாச்சுல்ல, உக்காரு."

மூடிக்கு உள்ளுக்குள் கோபம் பொங்கியது. மழையும் மெமோவும் எல்லோருக்கும் தெரிந்த கதை. பத்து நாள் அவள் உழைத்தது இந்த ஒரு வரிக்காகத்தான். இதைச் சொல்லாவிட்டால் மிக்சி யாரென்று இந்தக் கூட்டத்துக்குத் தெரியாமலே போய்விடும். உதட்டை இறுக்கி மூடினாள். மூடிய வாய்க்குள்ளேயே 'ம்ம்' என்று ஒரு ஓசை பிறந்தது. மைக்கில் அது கேட்டது. அதைப் பிடித்துக்கொண்டாள்.

"ம்... மகளுக்கு மூச்சு முட்டின மாசம்" என்றாள். கரகரத்த குரல்தான். ஆனால் கடைசி வரிசைவரை போயிற்று. "மூணு வாரம் நான் வேலைக்கு வரல. என் முறையையும் மிக்சியே முடிச்சா. வருகை அட்டையில என் பேருக்கும் முத்திர குத்தினா. மேஸ்திரிகிட்ட மறைச்சா. இல்லைன்னா எனக்கு இன்னைக்கு வேலை இல்ல. மக பொழச்சுட்டா. அதச் சொல்லி இன்னைக்கு வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்த மிஞ்சிப் பேசல. இவ வாய்தான் மிக்சி. மனசு..."

அதற்கு மேல் வார்த்தை இருந்தது. எழுதியும் வைத்திருந்தாள். வரவில்லை. அக்கா ஸ்பூனைக் கையில் பிடித்தபடி தட்ட மறந்து உட்கார்ந்திருந்தார்.

எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும்மா. முந்நூறு விரிப்பும் கணக்கா வந்துச்சு, நான் ஏன் கேக்கப் போறேன்? ரெண்டு பேர் பிடிக்கிற விரிப்ப ஒத்த ஆளா எப்படி மடிச்சா, அதுதான் இன்னிவரைக்கும் தெரியல."

"ஜன்னல் கம்பியில ரெண்டு கிளிப்பு மாட்டி" என்றாள் மிக்சி, மாலைக்குள் முகத்தைப் புதைத்தபடி. அவள் அவ்வளவு சுருக்கமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. மெக்கானிக் கைக்குட்டையை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, பிறகு திரும்ப வாங்கித் தானும் துடைத்துக்கொண்டார்.

மூடி பழச்சாறு டம்ளரைத் தூக்கினாள். இரண்டு சொட்டு மேஜையில் சிந்தியது.

"ம-வுலயே முடிச்சிருங்கம்மா!" என்று சித்தப்பா கத்தினார்.

"முடியாது" என்றாள் அவள். "நல்லா இருக்கணும். அவ்வளவுதான்."

'முடியாது'க்கும் ஒரு தட்டு விழுந்தது. நாற்காலிகள் கிறீச்சிட, இரண்டு பக்கமும் ஒன்றாக எழுந்து டம்ளரைத் தூக்கின.