மொத்த எடை

தி. நகர் நகைக்கடையில் பதினோரு வருடமாக நகைகளுக்குச் சீட்டு எழுதுகிறாள் செண்பகம். ஒரு கெம்பு நெக்லஸ் என்றால், மொத்த எடை 18.400 கிராம், கல் 3.250, தங்கம் மட்டும் 15.150. 22 காரட், 916, ஆறு இலக்க ஹால்மார்க் எண். கல் செயற்கை. எதையும் விட மாட்டாள்.

கடையின் இணையதளத்துக்கும் அவள்தான் எழுதி அனுப்புவாள். மேனேஜர் கோதண்டபாணி அதை வெட்டி, '18.400 கிராம் 916 கெம்பு நெக்லஸ்' என்று மட்டும் போடுவார். அவள் திருத்துவாள், அவர் மறுபடி வெட்டுவார்.

"கல்லு எடைய போட்டா எவன்மா வாங்குவான்? பில்லுலதான் கரெக்டா கீதே!"

"பில்லு கைக்கு வர்றதுக்குள்ள மனசுல பதினெட்டு கிராம் தங்கம்னு முடிவு பண்ணிடுவாங்க சார்."

அவர் காதில் விழாது. செண்பகத்துக்குத் தலைவலிதான் மிச்சம்.

போன வாரம் மேனேஜரின் மகளுக்கு நிச்சயதார்த்தம். மறுநாள் அவர் கொதித்துக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் போட்டது வேறு கடையின் இணையதளத்தில் பார்த்து வாங்கிய நெக்லஸாம். போனை அவள் முன் நீட்டினார்.

"இருபத்துநாலு கிராம் கெம்பு நெக்லஸுன்னு போட்டுகினு கீறான். பில்லுல தங்கம் பதினேழரைதான், கல்லும் டூப்பு! ஃபிராடு பசங்க!"

செண்பகம் எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்க சார். நம்ம நெக்லஸுக்கு இன்னா போடணும்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."