மரத்தடியில் தூங்கலாமா என்ற கேள்வி

"…கை தானா சுழிச்சிருச்சுன்னு சொல்றீங்களே சார், அப்பக் கண்ணு எங்கீங்க போயிருந்துச்சு?"

கேட்டவர் எங்கள் மேசையின் முதன்மைத் தேர்வாளர். பழனிப் பக்கத்து அம்மா. அவர் கையில் நான் காலையில் திருத்திய விடைத்தாள்.

திண்டுக்கல்லில் பத்தாம் வகுப்பு அறிவியல் தாள் திருத்தும் முகாம் அது. வேறு ஏதோ மாவட்டத்துப் பிள்ளைகளின் தாள்கள், பெயர் கிழிக்கப்பட்டு வெறும் எண்ணோடு வரும். காலையில் பதினைந்து தாள் கொண்ட ஒரு கட்டு, மதியம் இன்னொன்று. அறிவியலை நான் பாதி தபாலிலும் பாதி பேருந்திலுமாகப் படித்தவன். என் மதிப்பீட்டின் மேல் எனக்கே முழு நம்பிக்கை கிடையாது, அதனால் எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். ஒரு தாளை முழுதாகத் திருத்தாமல், பதினைந்தையும் பரப்பி, ஒரே கேள்வியை வரிசையாகத் திருத்திக்கொண்டு போவேன். முதல் பிள்ளைக்குக் கொடுத்த அளவுதான் கடைசிப் பிள்ளைக்கும் கிடைக்கும். ஒருவனுக்குக் கை தாராளம், ஒருவனுக்குக் கஞ்சம் என்று ஆகாது.

அன்றைய இரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்று: இரவில் மரத்தடியில் தூங்கலாமா? காரணம் கூறுக. 'கூடாது, இரவில் ஒளிச்சேர்க்கை இல்லை, சுவாசத்தில் கார்பன் டைஆக்சைடு வெளிவரும்' என்று விடைக்குறிப்பில் இருந்தது. பிள்ளைகளும் அதையே எழுதியிருந்தார்கள். கூடாது, கூடாது, கூடாது. கையெழுத்துதான் வேறு, சொல் அதே, நிறுத்தும் இடமும் அதே.

"அம்புட்டும் ஒரே அண்டாச் சோறு சார். ஒண்ணை நசுக்கிப் பாத்தா போதும்" என்றார் பக்கத்தில் இருந்த சேவுகம்பட்டி வாத்தியார்.

"உங்க அண்டால கல்லு கெடந்தா?" என்றேன்.

"கல்லு கெடந்தா பல்லு சொல்லும்!"

சிரித்தோம். மதியம் இரண்டாவது கட்டை விரித்தேன். படிக்கிறேனா, கேட்கிறேனா என்று தெரியாத நிலை வந்தது. முகம் தெரியாத பிள்ளைகள் எல்லாம் என் காதுக்குள் உட்கார்ந்து ஒரே குரலில் ஒப்பிப்பது போல இருந்தது. என் பேனா அந்தக் குரலுக்குத் தாளம் போட்டது. கூடாது, இரண்டு. கூடாது, இரண்டு.

அப்போது மின்சாரம் போனது. விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. வெயிலுக்கு ஜன்னலைச் சாத்தியிருந்ததால் அறை மங்கிப்போயிற்று. அத்தனை பேர் இருந்தும் பேனா கீறும் சத்தம் மட்டுமே. என் காதுக்குள் ஒப்பித்த குரலும் நின்றது. நின்ற இடத்தில் கையடியில் ஒரு தாள்.

'தூங்கலாம். மரம் விடும் கார்பன் டைஆக்சைடு மிகக் குறைவு. வெளியில் காற்று அதைக் கலைத்துவிடும். பக்கத்தில் படுத்திருக்கும் ஆள் விடுவது அதைவிட அதிகம்.'

யாரோ என்னிடம் நேராகப் பேசியது போல நிமிர்ந்து பார்த்தேன். யாரும் இல்லை. சொன்னது சரிதான், திறந்தவெளியில் மரத்தின் மூச்சு ஆளைக் கொல்லாது. விடைக்குறிப்பில்தான் அது இல்லை. இரண்டு போடப் பேனாவை வைத்தவன் எடுத்துவிட்டேன். இந்தப் பதிலை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேனோ?

முதன்மைத் தேர்வாளரிடம் கொடுத்திருந்த, காலையில் திருத்திய கட்டை வாங்கிப் பிரித்தேன். ஒன்பதாவது தாளில் இருந்தது. 'படுக்கலாம், திறந்தவெளி என்பதால் அந்த வாயு தங்காது.' அதன் மேல் சிவப்பில் ஒரு கோடு. ஓரத்தில் பூஜ்ஜியம். என் பேனா, என் சுழி. ஆனால் அதைப் போட்ட நினைவு எனக்குத் துளியும் இல்லை. வேறொருவன் என் கையை மாட்டிக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது போல இருந்தது.

மொத்தத்தைப் பார்த்தேன். பத்தொன்பது. எழுத்துத் தேர்வில் எழுபத்தைந்துக்கு இருபது எடுத்தால்தான் தேர்ச்சி. என் பூஜ்ஜியத்தில் அந்தப் பிள்ளை தோற்றுப்போயிருந்தது.

இரண்டு தாளையும் கொண்டுபோய் அந்த அம்மாவிடம் வைத்து, "கை தானாச் சுழிச்சிருச்சும்மா" என்றேன். அதற்குத்தான் அவர் அப்படிக் கேட்டார்.

பிறகு இரண்டு பதிலையும் மெதுவாகப் படித்தார். "கேள்வியே 'லாமா'ன்னுதானுங்க கேக்குது. காரணம் சரியா இருந்தா முழு மார்க்கு. கூடாதுன்னு மட்டும் எழுதி, காரணம் தப்பா இருந்தா, அதுக்குச் சும்மா ரெண்டு போட்டிருக்கீங்களான்னும் பாக்கோணும்."

"நம்ம மேசையில எல்லாருமா, மேடம்?" என்றார் சேவுகம்பட்டிக்காரர். முகத்தில் சிரிப்பு இல்லை.

"எல்லாருந்தானுங்க. இவரு கட்டுல பாத்தாச்சு, மத்தவங்க கட்டுல இருக்குற பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சுங்க?"

பூஜ்ஜியத்தை ஒரே கோட்டால் அடித்து, இரண்டு போட்டு, கையொப்பமிட்டார். பத்தொன்பதை அடித்து இருபத்தொன்று எழுதி அதற்கும் கையொப்பமிட்டார். பிறகு மேசையிலிருந்த எல்லாக் கட்டுகளின் கயிற்றையும் ஒவ்வொன்றாக அவிழ்த்து, ஜன்னலைத் திறந்து, முதல் தாளை வெளிச்சத்தில் பிடித்து, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படிக்கத் தொடங்கினார்.