அறுநூறு சொல்லுக்குள்

மருத்துவமனையில் ஆயா வேலை பார்த்தபடியே நாற்பத்திரண்டு வயதில் தொலைநிலைக் கல்வியில் பட்டம் படிக்கச் சேர்ந்தவள் அவள். 'இந்த வயசில் எதுக்கு?' என்று கேட்டவர்களுக்குச் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். கடைசித் தாளுக்கு ஒரு கட்டுரை: அறுநூறு சொல்லுக்கு மிகாமல், 'நான் அறிந்த ஒரு மனிதர்'. பதினோராம் படுக்கைப் பெரியவரைப் பற்றி எழுதினாள். என்றைக்கு வீட்டுக்கு அனுப்பினாலும் உடனே கிளம்ப வேண்டுமென்று செருப்பைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டவர் அவர்.

கடைசி நாள் மதியம் டைப்பிங் சென்டருக்குப் போனாள். தட்டச்சு செய்த பெண், "ஐந்நூத்தித் தொண்ணூத்திரண்டு, சரியா இருக்குக்கா" என்றாள். இவளும் காகிதத்தில் பென்சிலால் புள்ளி வைத்து எண்ணியிருந்தாள், அதே கணக்குதான்.

பல்கலைக்கழகத்தின் இணையப் பெட்டியில் ஒட்டியதும் சிவப்பாக ஒரு வரி வந்தது: 1,648 சொற்கள். வரம்பு மீறியது.

"ரெண்டு தடவை ஒட்டிட்டியாம்மா?"

"இல்லக்கா." அந்தப் பெண் பெட்டியைக் காலியாக்கி 'மரம்' என்று அடித்தாள். ஒன்று. 'அம்மா' என்று அடித்தாள். இரண்டு. 'நிலம்' என்றாலும் இரண்டுதான். அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. "நம்ம கம்ப்யூட்டர் இடைவெளியை வெச்சு எண்ணுது. இந்தப் பெட்டி புள்ளி, கொம்பு, கால் வர்ற இடத்துல எல்லாம் சொல்லை வெட்டிடுது. இங்கிலீஷுக்குன்னு செஞ்சது போலிருக்கு."

பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டார்கள். எடுத்தவர் பொறுமையாகத்தான் பேசினார். "பெட்டி காட்டுறதுதான் கணக்கு, மேடம். அதை மாத்த எங்களுக்கு அதிகாரம் இல்ல. அஞ்சு மணிக்கு மூடிடும்."

"அம்மாங்கறது ரெண்டு சொல்லா சார்?"

அவர் மறுபடியும் அஞ்சு மணியைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

மணி மூன்றே முக்கால். சொற்களைச் சேர்த்து எழுதிப் பார்த்தார்கள். இடைவெளி போனதே தவிர புள்ளியும் கொம்பும் போகுமா? எண் அவ்வளவாக அசையவில்லை. வெட்டுவதைத் தவிர வழியில்லை. பெரியவரின் மருமகள் வந்து போனது போயிற்று. இரவில் அவர் பாடியது போயிற்று. செருப்பை எடுக்க மனம் வரவில்லை. வேறு எதை எதையோ எடுத்துப் பார்த்தாள், போதவில்லை. கடைசியில் அதுவும் போனது. இருநூற்றுப் பதினான்கு சொற்களில் பெட்டி பச்சையானது. நான்கு ஐம்பத்தொன்றுக்கு அனுப்பினாள்.

"அழாதீங்கக்கா" என்றாள் அந்தப் பெண். அழுதுகொண்டிருந்தது அந்தப் பெண்தான்.

ஆறு வாரம் கழித்து மதிப்பெண் வந்தது. தேர்ச்சிக்கு மூன்று குறைவு. திருத்தியவர் கீழே எழுதியிருந்தார்: 'மிகவும் சுருக்கம். அந்த மனிதர் கண்முன் வரவில்லை. அறுநூறு சொற்கள் வரை எழுத இடமிருந்தும் பயன்படுத்திக்கொள்ளவில்லை.'

வார்டு வராந்தாவில் நின்று அதை இரண்டு முறை படித்தாள். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நடந்ததை எல்லாம் பல்கலைக்கழகத்துக்கு எழுதி, அன்று எடுத்திருந்த பெட்டியின் படத்தையும் சேர்த்து அனுப்பினாள். 'உங்கள் கோரிக்கை பெறப்பட்டது' என்று உடனே பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பத்தை நிரப்பும்போது, புதுக் கட்டுரை எத்தனை சொல் என்று கணவர் கேட்டார்.

"யாருக்குத் தெரியும்" என்றாள்.