கேட்டில் விட்டுவந்த ஆதார்

சென்ட்ரலில் வண்டி நகர்ந்த பிறகுதான் பர்ஸைத் திறந்தேன். ஆதார் இருக்க வேண்டிய இடத்தில் தொழிற்சாலையின் கேட் பாஸ் பல்லை இளித்துக்கொண்டு இருந்தது.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் மாதிரி ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கு இது தினசரிக் கூத்து. உள்ளே போகும்போது ஒரிஜினல் அடையாள அட்டையைச் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு பாஸ் வாங்க வேண்டும். வெளியே வரும்போது பாஸைக் கொடுத்துவிட்டு அட்டையை வாங்க வேண்டும். அன்று காலை நைட் ஷிப்ட் முடிந்து, அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போகிற அவசரத்தில், வீட்டுக்குப் போக மீஞ்சூர் பக்கம் போகும் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடியவள், பாஸோடு ஓடிவிட்டேன். என் ஆதார் கேட் மேசை மேல் இருந்த பிளாஸ்டிக் தட்டில் சுகமாகப் படுத்திருந்தது.

"இன்னாடி தேடற?" என்றாள் எதிரே இருந்த அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. ஹெட்போன்."

அம்மாவிடம் சொல்லவே கூடாது. அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. போன தடவை ஆபரேஷனுக்குப் போனபோது பயத்தில் பிரஷர் எகிறி, டாக்டர் முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். மறுபடி தேதி வாங்க நாய் படாத பாடு பட்டோம். மறுநாள் காலை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் அட்மிஷன். வண்டியில் நிம்மதியாகப் படுத்து வரட்டும் என்றுதான் ஸ்லீப்பரில் கீழ் பர்த்தாகப் பார்த்து எடுத்திருந்தேன்.

டிக்கெட் போனில் இருந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். அதில் யாராவது ஒருவரிடம் ஒரிஜினல் அடையாள அட்டை இருந்தால் போதும் என்பது எனக்குத் தெரியும். அந்த ஒருவர் எங்களில் யாரும் இல்லை. அம்மாவின் ஆதாரைப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு, தொலைந்தாலும் பரவாயில்லை என்று கலர் ஜெராக்ஸ் எடுத்து லேமினேட் செய்து கொடுத்தவள் நான்தான். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொள்ள வேண்டியதுதான்.

பெட்டியின் கோடியில் கறுப்புக் கோட்டு தெரிந்தது. டிடிஆர். முன்பெல்லாம் சார்ட் என்று நீளமான காகிதக் கத்தையை மடித்துப் பிடித்துக்கொண்டு பேனாவால் டிக் அடித்துக்கொண்டு வருவார்கள். இவர் கையில் சிலேட்டு மாதிரி ஒரு டேப். பர்த் வாரியாக ஒவ்வொருவர் பெயரும் வயதும் அதிலேயே வரும். ஆள் இருந்தால் ஒரு பட்டனில் தட்டு, இல்லாவிட்டால் வேறு பட்டனில் தட்டு.

சைடு லோயரில் ஒரு கணவனும் மனைவியும் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். ஆர்.ஏ.சி. இருவருக்கும் உட்கார இடம் உண்டு, படுக்க ஆளுக்கொரு பர்த் கிடையாது. யாராவது வராமல் போனால் அந்த பர்த் வரிசைப்படி ஆர்.ஏ.சி.காரர்களுக்குப் போகும். அந்த ஆள் எங்களைப் பார்த்து, "நீங்க ரெண்டு பேருமே வந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

அடையாள அட்டைகளைப் போனிலேயே காட்ட அரசாங்கம் விட்டிருக்கும் டிஜிலாக்கர் ஞாபகம் வந்தது. செயலியை இறக்கினேன். ஆதார் எண்ணைப் போட்டால், பதிவு செய்த செல்போனுக்கு ஓடிபி போகுமாம். என் ஆதாரோடு இணைத்திருந்த நம்பர் இப்போது என் தம்பியிடம் இருக்கிறது. தம்பி பழவேற்காட்டு ஏரியில் வலை போடுகிறவன். படகில் ஏறினால் போனைப் பாலிதீன் பையில் சுற்றிக் கரையில் வைத்துவிடுவான். கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டேன். திருவள்ளூர் பிளாட்பாரம் சரசரவென்று பின்னால் ஓடியது. கடம்பத்தூரும் போனது. எடு ராசா, எடுடா பாவி என்று வாய்க்குள் மாறி மாறி வேண்டினேன், திட்டினேன்.

டிடிஆர் எங்கள் இடத்துக்கு வந்தே விட்டார். என் பெயரைப் படித்து, "ஐடி காட்டுங்க" என்றார்.

அம்மாவின் ஜெராக்ஸை நீட்டினேன். விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "இது காப்பிம்மா. ஒரிஜினல் வேணும்."

போனில் இருந்த என் ஆதாரின் போட்டோவைக் காட்டினேன்.

"போட்டோ எடுத்து வெச்சா செல்லாது. டிஜிலாக்கர்ல அவங்களே குடுத்த ஆதார் இருந்தா காட்டுங்க. நீங்களா ஏத்தி வெச்சதும் கூடாது."

தொழிற்சாலை பாஸை எடுத்தேன். அதில் என் முகம் பளிச்சென்று இருந்தது. அவர் தலையாட்டினார். "தனியார் கம்பெனி கார்டு எடுத்துக்க முடியாது. ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்டயாவது சரியான ஐடி இல்லைன்னா, டிக்கெட் இல்லாம வந்த கணக்குதான். கட்டணமும் அபராதமும் கட்டணும், பர்த்தும் போயிடும். இந்தப் பெட்டியை முடிச்சிட்டு வரேன். அதுக்குள்ள ஏதாவது பாருங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் சாதாரணமாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது. சைடு லோயர்காரர் மனைவியின் காதில் என்னவோ சொன்னார். அவர் எங்கள் பர்த்தை மனதுக்குள் அளப்பதாகவே எனக்குப் பட்டது.

அம்மா என் கையைப் பிடித்தாள். "எறக்கி உட்ருவாங்களா? நாளைக்கு டாக்டரு?"

"அதெல்லாம் இல்ல. நீ கண்ணை மூடிக்கினு படு." தம்பிக்கு மறுபடி அடித்தேன். ஓடிபியின் நேரம் முடிந்துபோய், திரும்ப அனுப்பச் சொல்லித் தட்டினேன்.

டிடிஆர் திரும்பி வந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்திருக்கும். அம்மா பக்கம் குனிந்தார். "ஏம்மா, ஓட்டர் ஐடி, பேன் கார்டு, எதுவும் எடுத்துகிட்டு வரலியா? பேங்க் பாஸ்புக் கூட, போட்டோ ஒட்டி சீல் வெச்சிருந்தா பரவாயில்ல."

அம்மா சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். என் பக்கம் ஒரு தடவை திரும்பிவிட்டு, ஜாக்கெட்டுக்குள் கைவிட்டு, ரப்பர் பேண்டு போட்ட ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே பாஸ்புக். கிளம்பும்போது அதை எடுத்தவளைத்தான், "ஆஸ்பத்திரில இன்னாத்துக்கு இது? ஊட்டுலயே வை" என்று கத்தி, நான் பீரோவில் வைக்கச் சொல்லியிருந்தேன். வைத்ததாக அவளும் தலையாட்டியிருந்தாள்.

அரசு வங்கிப் பாஸ்புக். போட்டோவின் மேல் பாதி விழுந்த முத்திரை. டிடிஆர் பெயரை டேப்போடு ஒத்துப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார். பழைய படம். இப்போது முகம் வற்றி, கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது.

அவர் தயங்குவது அம்மாவின் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் மௌனம் கேட்டிருக்க வேண்டும். முகத்தை அவர் பக்கம் நிமிர்த்திக் காட்டினாள். "நான்தான் நைனா அது. அப்போ கண்ணு நல்லா இருந்துது. அத்த ஆபரேஷன் பண்ணத்தான் போறோம்."

அவர் டேப்பில் எங்கள் இரண்டு பெயருக்கும் ஆளுக்கொரு தட்டு தட்டினார். பாஸ்புக்கை அம்மாவின் கையிலேயே வைத்து மூடினார். "போய் கண்ணை நல்லா பார்த்துகிட்டு வாங்க" என்றவர், என்னிடம் திரும்பி, "வரும்போது ஒரிஜினல் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பர்த்துக்குப் போனார்.

காட்பாடி தாண்டியதும் தம்பி கூப்பிட்டான். "இன்னாக்கா, போன் பூரா ஏதோ நம்பரா வந்துகினு கீது? எவனாவது பேங்க்ல துட்டு அடிக்கப் பாக்கறானா?" சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வர, ஆதாரைக் கேட்டில் விட்டுவந்த கதையை அவனிடம் சொல்லி முடித்தேன்.

அம்மா பாஸ்புக்குக்கு ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டிருந்தாள். "குடும்மா, பத்திரமா பர்ஸ்ல வச்சிக்கிறேன்" என்று கை நீட்டினேன்.

அவள் அதை ஜாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"வாணாம். நீ அதையும் கேட்டுல குட்த்துட்டு வந்துருவ."